பீஸ் ஏறுகிறது, ஆர்.டி. தவணை ஏறவில்லை

"ஐயா, காவேரிப்பட்டணம் பக்கத்து கிராமம் எங்களுடையது. கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரே மகள், 6 வயது, ஒன்றாம் வகுப்பு. பிரீ கே.ஜி. சேர்த்தபோது பள்ளிக் கட்டணம் 20,000 ரூபாய். இந்த வருடம் 33,000. ஜூனில் நகையை அடகு வைத்துத்தான் கட்டினோம். மாதம் 5,500 கட்டி மீட்டுக்கொண்டு இருக்கிறோம். அக்கா மகன் அதே பள்ளியில் மூன்று வருடம் முன்பு ஒன்றாம் வகுப்பு படித்தபோது 26,000தான். நகைத் தவணை போக, சம்பளத்தில் மாதம் 5,000 எடுத்து வைக்க முடியும். மாந்தோப்புக் குத்தகையில் வருடத்துக்கு 25,000 வரும். சில வருடம் வராது. பொறியியல் படிக்க இப்போது வருடத்துக்கு ஒன்றரை லட்சம், நாலு வருடத்துக்கு 6 லட்சம் ஆகிறது என்கிறார்கள். விலைவாசி 5% ஏறுகிறது, தபால் ஆபீஸ் ஆர்.டி. 6.7% தருகிறது, அப்படியானால் ஆர்.டி. போதும்தானே? ஏஜென்ட் ஒருவர் மாதம் 4,000 கட்டும் குழந்தைகள் பாலிசி சொல்கிறார். 12 வருடம் கழித்து போனஸோடு 8 லட்சம் வருமாம். எது சரி?"

சகோதரி, உங்கள் கடிதத்தில் இருக்கும் 26,000 என்ற எண்தான் எனக்கு மிகவும் உதவியது. அதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பீஸ் உண்மையில் எவ்வளவு ஏறுகிறது

உங்கள் ரசீதுகளை வரிசையாக வைத்தால் 20,000 மூன்று வருடத்தில் 33,000 ஆகியிருக்கிறது. வருடத்துக்கு 18% ஏறியதுபோலத் தெரியும், பயமாகவும் இருக்கும். ஆனால் அதில் இரண்டு ஏற்றங்கள் கலந்திருக்கின்றன. குழந்தை மேல் வகுப்புக்குப் போவதால் கூடுவது ஒன்று, பள்ளி கட்டணத்தையே உயர்த்துவது இன்னொன்று. உயர்வை அளக்க வேண்டுமானால் ஒரே வகுப்பின் கட்டணத்தை வெவ்வேறு வருடங்களில் பார்க்க வேண்டும். உங்கள் அக்கா மகன் ஒன்றாம் வகுப்பில் கட்டியது 26,000, உங்கள் மகள் அதே வகுப்பில் கட்டுவது 33,000. மொபைலில் உள்ள ஷீட்டில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=(33000/26000)^(1/3)-1
```

விடை 8.3% வரும். 18% இல்லை; அதே சமயம் விலைவாசியின் 5% என்பதும் இல்லை. விலைவாசிக் கணக்கில் அரிசி, எண்ணெய், துணி, வாடகை, பஸ் டிக்கெட் எல்லாம் கலந்திருக்கிறது. உங்கள் வீட்டில் படிப்புக்கென்று ஒதுக்கும் பணம் அரிசி விலையோடு போட்டி போடப்போவதில்லை, பீஸோடுதான் போட்டி போடப்போகிறது. அதனால் 6.7% என்பதை 5%க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் தவறு. 8%க்குப் பக்கத்தில் வைத்தால் ஆர்.டி. பின்தங்கிவிடுகிறது.

கட்டண விஷயத்தில் உங்களுக்குச் சட்டப்படி ஓர் உரிமையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டு சட்டத்தின்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு பள்ளிவாரியாக, வகுப்புவாரியாக நிர்ணயிக்கிறது. அந்த ஆணை மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். உங்கள் 33,000இல் எவ்வளவு அந்தக் கட்டணம், எவ்வளவு புத்தகம், சீருடை, வேன் என்று பிரித்து ரசீது கேளுங்கள். பிரித்துப் பார்த்தால்தான் எந்தப் பகுதி ஏறுகிறது என்பது தெரியும்.

6 லட்சம் எப்படி 17 லட்சம் ஆகிறது

மகள் கல்லூரியில் சேர இன்னும் 12 வருடம் இருக்கிறது. வருடத்துக்கு 8% ஏறும் செலவு 9 வருடத்தில் இரட்டிப்பாகும், 12 வருடத்தில் இரண்டரை மடங்காகும். இன்றைய ஒன்றரை லட்சம் அவள் முதலாண்டு சேரும்போது 3.78 லட்சம். படிக்கும் நாலு வருடத்திலும் கட்டணம் நின்றுவிடாது. இரண்டாம் ஆண்டு 4.08, மூன்றாம் ஆண்டு 4.41, நாலாம் ஆண்டு 4.76 லட்சம். கூட்டினால் 17 லட்சம்.

பதறாதீர்கள். 17 லட்சமும் ஒரே நாளில் தேவைப்படாது. முதலாண்டுக்குப் பணம் எடுத்த பிறகு மீதி வட்டி ஈட்டிக்கொண்டே இருக்கும். அதைக் கழித்தால், அவள் கல்லூரியில் சேரும் நாளில் 15.4 லட்சம் கையில் இருந்தால் நாலு வருடமும் ஓடும். உங்கள் இலக்கு அதுதான்.

கல்லூரிக் கட்டணம் வருடாவருடம் 8% சீராக ஏறாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கலந்தாய்வு வழியாகச் சேரும் தனியார் கல்லூரி இடங்களுக்கு அரசுக் குழு கட்டணம் நிர்ணயிக்கிறது. அது சில வருடம் அசையாமல் இருந்து, பிறகு ஒரே தாவாகத் தாவும். விடுதி, சாப்பாடு, பஸ் ஆகியவை மட்டும் வருடாவருடம் ஏறும். நிர்வாக ஒதுக்கீட்டு இடம் வேறு விலை. நீங்கள் கேள்விப்பட்ட ஒன்றரை லட்சம் இதில் எந்த வகை என்று அந்தக் குடும்பத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே இடம் கிடைத்தால் கணக்கே வேறு. ஆனால் சேமிக்கும்போது கிடைக்காது என்று வைத்துத்தான் சேமிக்க வேண்டும்.

குறை ஆர்.டி.யில் இல்லை, தவணையில்

மாதம் 4,000 ரூபாயை 12 வருடம் மாற்றாமல் 6.7% ஆர்.டி.யில் கட்டினால் 8.8 லட்சம் வரும். இலக்கில் பாதி கொஞ்சம் கூட. இதைப் பார்த்துத்தான் பலர் "அதிக வட்டி தரும் இடம் வேண்டும்" என்று தேடி எங்கெங்கோ பணத்தைப் போடுகிறார்கள்.

அதே 4,000ஐ வருடத்துக்கு 8% உயர்த்திக் கட்டிப் பாருங்கள். இந்த வருடம் 4,000, அடுத்த வருடம் 4,320, அதற்கடுத்து 4,670 என்று போகும். கடைசி வருடத்தில் மாதம் 9,300 வரும். அதே தபால் ஆபீஸ், அதே 6.7%. முடிவில் 13.1 லட்சம். எந்தத் திட்டத்தையும் மாற்றாமல், தவணையை உயர்த்தியதால் மட்டுமே 4 லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது. பீஸ் வருடாவருடம் ஏறும்போது நம் தவணை மட்டும் முதல் நாள் போட்ட இடத்திலேயே நிற்கக்கூடாது. கணவருக்கு இன்க்ரிமென்ட் வரும் மாதத்தையே உயர்த்தும் மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடிய சம்பளம் வீட்டுச் செலவோடு கலந்த பிறகு அதைப் பிரித்து எடுப்பது கடினம்.

நடைமுறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. தபால் ஆபீஸ் ஆர்.டி. 5 வருடத் திட்டம். ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டால் அதன் தவணையை மாற்ற முடியாது. அதனால் உயரும் தொகைக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் ஒரு சிறு கணக்கு தொடங்க வேண்டும். குறைந்தபட்சம் 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்கில் எவ்வளவும் போடலாம். ஆக இந்த வருடம் 4,000க்கு ஒன்று, அடுத்த வருடம் 320க்கு ஒன்று, அதற்கடுத்து 350க்கு ஒன்று. ஐந்தாம் வருட முடிவில் முதல் கணக்கு முதிர்ந்ததும், அந்தத் தவணையையும் புதிய உயர்வையும் சேர்த்து ஒரே கணக்காகத் தொடங்கிக்கொள்ளலாம்.

பணம் கரைவது பெரும்பாலும் அந்த முதிர்வு நாளில்தான். 4,000 ரூபாய் ஆர்.டி. ஐந்து வருடத்தில் 2,85,000 ஆகி, 4% சேமிப்புக் கணக்கில் வந்து விழும். அங்கே மூன்று மாதம் கிடந்தால் வண்டியாகவோ, வீட்டுக்கு மேல்தளமாகவோ மாறிவிடும். முதிர்ந்த வாரத்திலேயே அதைத் தேசிய சேமிப்புப் பத்திரமாக மாற்றுங்கள். அதுவும் 5 வருடம், இப்போதைய வட்டி 7.7%, வட்டி கூட்டாகிக் கடைசியில் சேர்ந்து வரும். மகளுக்கு 14 வயது ஆன பிறகு போடும் தவணைகளுக்கு 5 வருடத் திட்டம் எல்லா இடத்திலும் பொருந்தாது. அப்போது வங்கியில், பணம் தேவைப்படும் ஜூனில் முடிகிறமாதிரி 2 அல்லது 3 வருட ஆர்.டி. போடுங்கள்.

ஆர்.டி. தவணை தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். நாலு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும்; இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். ஆகவே சம்பளப் பணம் மட்டும்தான் ஆர்.டி.க்குப் போக வேண்டும், குத்தகைப் பணத்தை நம்பி ஆர்.டி. போடாதீர்கள். வட்டிக்கு வருமான வரி உண்டே என்று யாராவது சொன்னால், புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி வராது என்பதை நினைவில் வையுங்கள்.

மாந்தோப்புப் பணம் செல்வமகளுக்கு

வரும், சில வருடம் வராது என்கிற பணத்துக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டம் பொருத்தமானது. வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். அதிகபட்சம் ஒன்றரை லட்சம். மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை. குத்தகைப் பணம் வந்ததும் மொத்தமாகப் போடலாம், மரம் காய்க்காத வருடத்தில் 250 மட்டும் கட்டலாம். பெண் குழந்தைக்கு 10 வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும். உங்கள் மகளுக்கு வயது இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் கார்டு எடுத்துக்கொண்டு தபால் ஆபீசிலோ வங்கியிலோ தொடங்கலாம். இப்போதைய வட்டி 8.2%. இதை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது, மாறலாம். எந்த மாதமானாலும் 5ஆம் தேதிக்குள் பணம் கணக்கில் ஏறினால்தான் அந்த மாத வட்டி உண்டு.

"18 வயதில் முழுப் பணமும் கைக்கு வரும்" என்று பலர் நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். அப்படி இல்லை. கணக்கு தொடங்கி 21 வருடம் கழித்துத்தான் முதிரும். உங்கள் மகளுக்கு அப்போது 27 வயது. படிப்புக்காக, 18 வயது ஆன பிறகோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். கல்லூரி சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் காட்ட வேண்டும். அந்தக் கட்டண அளவுக்குத்தான் தருவார்கள்.

வருடம் 24,000 வீதம் மாங்காய் சீசன் முடிந்து போட்டு வந்தால், 12 வருடத்தில் இன்றைய வட்டியில் சுமார் 4.9 லட்சம் சேரும். எடுக்கக்கூடியது 2.45 லட்சம். ஆர்.டி.யின் 13.1 லட்சத்தோடு சேர்த்தால் 15.5 லட்சம், இலக்கைத் தொட்டுவிடுகிறது. செல்வமகளில் மீதிப் பாதி அவளுடைய மேற்படிப்புக்கு நிற்கும். எல்லாவற்றையும் செல்வமகளில் போட்டிருந்தால், வட்டி கூடுதலாக இருந்தும் முதலாண்டு பீஸுக்கே பாதிப் பணம் பூட்டுக்குள் இருந்திருக்கும்.

உயர்வு 8% முடியாமல் 5%தான் முடிந்தது என்றால் 1.8 லட்சத்துக்கு மேல் குறையும். குத்தகை நாலைந்து வருடம் பொய்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அந்த அளவுக் குறையைக் கல்விக் கடனில் ஈடுகட்டலாம். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கிடையாது. நம் பங்காகவும் பணம் காட்ட வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். 15 லட்சமும் கடன் என்பது வேறு. இரண்டு மூன்று லட்சம் கடன் என்பது அவள் முதல் வேலையிலேயே அடைக்கக்கூடியது.

மியூச்சுவல் ஃபண்டை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது சொல்வார்கள். 12 வருடத்துக்கு அது ஏற்றதுதான். ஆனால் பங்குச் சந்தை கல்லூரி சேர்க்கை மாதம் பார்த்து இறங்காமல் இருக்காது. மகளுக்கு 15 வயதாகும்போது அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கும் கட்டுப்பாடு இருந்தால், வருடாவருடம் உயர்த்தும் அந்த 320, 350ஐ மட்டும் ஃபண்டில் போடலாம். 4,000 என்ற அடித்தளத்தைத் தொட வேண்டாம்.

அந்தப் பாலிசி

மாதம் 4,000 என்றால் வருடத்துக்கு 48,000. 12 வருடம் கட்டி, போனஸோடு 8 லட்சம். ஏஜென்டுக்கு எதிரிலேயே இதை ஷீட்டில் போட்டுக் காட்டுங்கள்:

```
=RATE(12,-48000,0,800000,1)
```

5%தான் வரும். 8% ஏறும் பீஸைத் துரத்த 5%இல் ஓடினால் இடைவெளி வருடாவருடம் விரியும். அதைவிட, இந்தப் பிரீமியத்தை உயர்த்தவும் முடியாது, இடையில் நிறுத்தினால் நஷ்டம். இதுபோன்ற பாலிசியைப் பலர் எடுப்பதன் பின்னால் உள்ள கவலை மட்டும் நியாயமானது: அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் கட்டுவது? அதற்குக் கணவர் பெயரில், முதிர்வுத் தொகை எதுவும் தராத சுத்தமான டேர்ம் பாலிசி எடுங்கள். மகளுக்கு 22 வயது வரையாவது இருக்கட்டும். மாதம் மிஞ்சும் 5,000இல் 4,000 ஆர்.டி.க்கு, மிச்ச 1,000இல் இந்தப் பிரீமியம். அதிலும் மீதமிருந்தால் அடுத்த வருட உயர்வுக்கு.

ஜூன் மாத அடகு

கல்லூரிப் பணத்தைச் சேர்க்கும்போதே பள்ளிப் பணத்துக்கு நகை அடகுக்குப் போய்வந்தால், ஒரு பக்கம் 6.7% வாங்கி இன்னொரு பக்கம் அதைவிட அதிக வட்டி கட்டுகிறீர்கள். இதிலிருந்து வெளியேற ஒரே ஒரு வருடம் பொறுத்தால் போதும். மாதம் 5,500 கட்டினால் டிசம்பர் வாக்கில் நகை கைக்கு வந்துவிடும். வந்ததும் அந்தத் தவணையை நிறுத்தாதீர்கள். அதே பணத்தை மாதம் 6,000ஆக ஜனவரி முதல் ஜூன் வரை தனிக் கணக்கில் போடுங்கள். 36,000 சேரும். அடுத்த வருடக் கட்டணம் 8% கூடி 35,600 ஆனாலும் அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஜூனில் கட்டி முடித்த பிறகு, அடுத்த வருடத்துக்கு மாதம் 3,200 எடுத்து வைத்தாலே போதும். 5,500 கட்டிப் பழகிய கைக்கு அதில் 2,000க்கு மேல் மிச்சமாகும்.

ஆறாம் வகுப்பில் ஒரு முடிவு

எந்த வட்டி விகிதத்தையும்விட உங்கள் இலக்கை அதிகமாக மாற்றக்கூடியது மகள் ஆறாம் வகுப்பில் எங்கே சேர்கிறாள் என்பதுதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5% உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி.

இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான். எட்டாம் வகுப்பு வரை சொந்தக் கட்டணத்தில் தனியாரில் படிக்க வைத்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் ஒதுக்கீடு கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். கிடைக்காது. ஆறாம் வகுப்பிலிருந்தே தொடர்ந்து அரசுப் பள்ளியில் இருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டுக்குக் கணக்கில் வராது. ஒதுக்கீடு இருந்தாலும் மதிப்பெண்ணும் தரவரிசையும் வேண்டும். இடம் உறுதி என்று யாரும் சொல்ல முடியாது.

பணத்துக்காக மட்டும் பள்ளியை மாற்றச் சொல்லவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஒருநாள் நேரில் போங்கள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, ஆய்வகம் திறந்து நடக்கிறதா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். அதைப் பார்த்து மனம் ஒப்பினால், இன்றைய 33,000 வருடத்துக்கு 8% ஏறுவதாக வைத்து ஆறு முதல் பன்னிரண்டு வரை தனியாரில் கட்டவிருந்த தொகையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள், 4.3 லட்சத்துக்குக் குறையாது. அது முழுவதும் அதே மாதத் தவணையாக ஆர்.டி.யில் சேரட்டும். ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காமல் போனாலும், அவள் கலந்தாய்வுக்குப் போகும் நாளில் அந்தப் பணம் அவள் பெயரில் இருக்கும்.